‘அருகில்’ என்றால் எத்தனை அடி?

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி கலைஞர் பன்னாட்டு அரங்கத்தின் கட்டுமானத்தைப் பொதுப்பணித் துறை மேற்கொண்டிருக்கிறது. எந்தப் பெரிய அரங்கமானாலும் இரும்பு வேலை முடியுமுன்பே உள்அலங்காரப் பொருட்கள் வந்து இறங்கிவிடும். ஒரு பக்கம் வெல்டிங். மறுபக்கம் தின்னர் டின், பசை, ஃபோம் பலகை.

இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு காகிதம். ‘ஹாட் வொர்க் பெர்மிட்’ என்பார்கள். பல படிவங்களில் ஒரு வரி இருக்கும்: ‘அருகில் உள்ள எரியக்கூடிய பொருட்கள் அகற்றப்பட்டன: ஆம் / இல்லை.’ ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். என் குறை அந்த ‘அருகில்’ மீதுதான். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 51பி தரநிலை சுற்றிலும் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் என்று வரையறுக்கிறது. அதுவும் தரைமட்டக் கணக்கு. உயரத்திலிருந்து விழும் பொறி காற்றோடு இன்னும் தள்ளிப்போகும். முட்டுக்காட்டில் காலை எட்டு மணிக்குப் பெர்மிட் எழுதும்போது காற்று அடங்கியிருக்கலாம். நண்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். மூன்றாம் தளத்தில் வெல்டிங், மேற்கே 15 மீட்டரில் தின்னர் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். காலையில் போட்ட ‘ஆம்’ மதியம் பொய்யாகிவிடும்.

‘அருகில்’ என்பது காலடிக்குக் கீழேயும்தான். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேல்தளச் சாலையில் வெல்டிங் நடந்தது. உருகிய உலோகம் இடுக்கு வழியே இறங்கி, கீழே கூரை இடைவெளியில் இருந்த பாலிஸ்டைரீனைப் பற்றவைத்தது. நம்மூரில் தெர்மாகோல் என்கிறோமே, அதே வகைப் பொருள். 17 பேர் இறந்தார்கள். வெல்டர் தன்னைச் சுற்றிப் பார்த்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே அந்த வரியை இப்படி எழுதலாம்: ‘வெல்டிங் இடம்: மூன்றாம் தளம், தூண் சி-4. மேற்கே 15 மீட்டரில் இருந்த 12 தின்னர் டின்கள் ஸ்டோருக்கு மாற்றப்பட்டன. கீழ்த்தளத்தையும் சுவரின் மறுபக்கத்தையும் காலை 8.10க்கு நேரில் பார்த்தேன். திறப்புகள் தீத்தடுப்புத் துணியால் மூடப்பட்டுள்ளன. காற்று எழுந்தால் பெர்மிட் செல்லாது.’ கையெழுத்துப் போடுபவர் அங்கே போகாமல் இதை நிரப்ப முடியாது. நான் விரும்புவதும் அந்தச் சிரமத்தைத்தான்.

தின்னர் டின்னை நகர்த்தினாலும் கதை முடியாது. ஆவி காற்றைவிடக் கனமானது. கேபிள் பள்ளத்தில் ஓடித் தேங்கும். மூக்கை நம்பாமல் வாயு அளவீட்டுக் கருவியால் பார்த்து, அளவையும் நேரத்தையும் எழுத வேண்டும்.

கடைசி வரி நேரம் பற்றியது. ஃபோமில் விழுந்த பொறி உள்ளுக்குள் கனன்று, வெல்டர் போன பிறகு எரியும். அதனால் என்.எஃப்.பி.ஏ. 51பி-யின் 2019 பதிப்பு, வேலை முடிந்தபின் இருக்க வேண்டிய தீக்காவலை 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாக்கியது. ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிகிறதென்றால், பெர்மிட்டில் ‘வெல்டிங் மாலை 5 வரை, காவல் 6 வரை’ என்று இருக்க வேண்டும்.