தீபாவளி ஸ்வீட் ஆர்டர்: போன வருஷக் கணக்கை அப்படியே நம்பினால் என்ன ஆகும்?

தீபாவளி நெருங்கினால் ஸ்வீட் கடைக்காரர்கள் முதலில் தேடுவது போன வருஷ ஆர்டர் நோட்டைத்தான். எத்தனை கிலோ போட வேண்டும், எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும், கடையை எத்தனை மணி வரை திறந்து வைக்க வேண்டும் எல்லாமே அதிலிருந்துதான் முடிவாகிறது. ஆனால் இந்த முறை போன வருஷ நோட்டு தப்பான வழிகாட்டி.

ஏன் 2025 பொருந்தாது?

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சம்பளம் வந்து கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்துதான் பண்டிகை. வாங்குபவர்களுக்கு முன்கூட்டியே புக் செய்ய நேரம் இருந்தது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் கைக்கு வந்து ஒரே வாரத்தில் பண்டிகை. இதற்கு நெருக்கமான வருஷம் 2023. அப்போதும் ஞாயிறு, தேதி நவம்பர் 12.

அதனால் தேதியை வைத்து ஒப்பிடக் கூடாது. ‘பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்’ என்று எண்ணித்தான் ஒப்பிட வேண்டும். 2026 நவம்பர் 1-க்கு ஜோடி 2023 நவம்பர் 5. இரண்டுமே பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு.

கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு நடுத்தரக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிதலுக்காக மட்டும்.

2023-ல் முன்பதிவு மொத்தம் 800 கிலோ. அதில் ஒரு வாரம் முன்பு வரை வந்தது 320 கிலோ, அதாவது 40 சதவீதம். 2025-ல் இதே கட்டத்தில் 60 சதவீதம் வந்துவிட்டது.

இந்த நவம்பர் 1 இரவு நோட்டில் 420 கிலோ இருக்கிறது. அதில் 60 கிலோ ஒரே கம்பெனி ஊழியர்களுக்காகக் கொடுத்த ஆர்டர். அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மொத்த ஆர்டர் ஒரே நாளில் வரும், அடுத்த வருஷம் வராமலும் போகும். சில்லறை ஆர்டரோடு சேர்த்தால் சதவீதமே கெட்டுவிடும். மீதி 360 கிலோ.

360-ஐ 0.4-ஆல் வகுத்தால் 900 கிலோ. 2025-ஐ நம்பி 0.6-ஆல் வகுத்தால் 600தான். ஒரே நோட்டு, ஆனால் 300 கிலோ வித்தியாசம்! இன்னொரு விஷயம், 2023-ல் இந்தக் கட்டத்தில் சம்பளம் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. இப்போது அப்போதுதான் வந்திருக்கும். எனவே 900-க்கு மேலே போக வாய்ப்பு அதிகம்.

நேரில் வந்து வாங்குபவர்கள்?

2023-ல் புக் செய்யாமல் வந்தவர்கள் வாங்கியது 1,100 கிலோ என்று பில் சொல்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் நாள் மாலை 6 மணிக்கே சரக்கு தீர்ந்திருந்தால், பில்லில் இருப்பது விற்பனை மட்டும்தான், தேவை அல்ல.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பில்களை மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதே பில் சட்டென்று நின்றால் சரக்கு தீர்ந்தது என்று அர்த்தம். சரக்கு தீராத இன்னொரு வருஷத்தில், 6 மணிக்குப் பிறகு அன்றைய விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு நடந்தது என்று வைப்போம். 2023-ல் 6 மணி வரை 400 கிலோ போயிருந்தால், உண்மையான தேவை 500. விட்டுப்போன 100 கிலோவைச் சேர்த்தால் 1,200. அதாவது புக் ஆன ஒவ்வொரு கிலோவுக்கும் நேரில் ஒன்றரை கிலோ. 900-க்கு 1,350 கிலோ.

ஒரு எச்சரிக்கை: இந்த வருஷம்தான் புதிதாக வாட்ஸ்அப் புக்கிங் தொடங்கியிருந்தால் இந்த விகிதம் செல்லாது. நேரில் வருபவர்களே புக்கிங்குக்கு மாறியிருப்பார்கள்.

சரக்கும் ஆளும்

முறுக்கு, மிக்சர் நாள்கணக்கில் தாங்கும். அவற்றை 900 கணக்கை நம்பி முன்பே போடலாம், மிஞ்சினாலும் விற்றுவிடும். பால்கோவா போன்ற பால் இனிப்புகள் அப்படியில்லை. அவற்றைக் குறைவாகத் தொடங்கி, கடைசி இரண்டு நாளும் காலை புக்கிங்கைப் பார்த்துக் கூட்டுவதுதான் பாதுகாப்பு.

ஆள் கணக்குக்குக் கிலோ உதவாது, நேரம்தான் உதவும். புக் செய்யும்போதே எத்தனை மணிக்கு வாங்க வருவீர்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நவம்பர் 7 சனிக்கிழமை மாலை 6 முதல் 9 வரை, நேரில் வருபவர்களையும் சேர்த்து 180 பேர் என்றால் மணிக்கு 60 பேர். ஒரு பில்லுக்கு 3 நிமிஷம் என்றால் ஒரு கவுண்டர் மணிக்கு 20 பேரைத்தான் பார்க்கும். மூன்று கவுண்டர் வேண்டும், பேக்கிங் ஆள் தனி. மூன்றாவது கவுண்டருக்கு ஆள் கிடைக்கவில்லையா? புக் செய்தவர்களுக்கு மட்டும் அன்று காலை 6 மணிக்கே கடையைத் திறந்தால் மாலைக் கூட்டம் குறையும்.

நவம்பர் 5 வியாழன் இரவு நோட்டை மறுபடி பார்க்க வேண்டும். 2023-ல் மூன்று நாள் முன்பு 70 சதவீதம் வந்திருந்தால், இப்போது சில்லறை ஆர்டர் 630 கிலோவுக்கு அருகில் இருக்க வேண்டும். 550-தான் இருக்கிறது என்றால், வெள்ளிக்கிழமை காலை பால் வாங்குவதற்கு முன்பே அளவைக் குறைக்கலாம்.