உயிலை எதிர்க்கும் முன் எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜொகூர் பாருவில் நடந்த ஒரு சமூகக் கூட்டத்தில் உயில் பற்றிப் பேசிய பெரியவர் ஒருவரின் உரை, இப்போது அச்சடித்த தாளாகக் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்ன சட்டம் தவறு. அதை நம்பி வழக்குக்குப் போகிறவர்கள் வழக்கையும் இழப்பார்கள், கூடப் பிறந்தவர்களையும் இழப்பார்கள்.

அவர் காட்டிய உதாரணம் இது. மாசாயில் ஒரு தாய். பிள்ளைகள் நால்வர். மூத்தவர்கள் மூவரும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கடைசி மகள்தான் தாயோடு தங்கிப் பார்த்துக்கொண்டாள். தாய் இறந்த பிறகு உயிலைப் பார்த்தால், வீடு கடைசி மகளுக்கு. லாயர் அலுவலகத்துக்குத் தாயைக் காரில் அழைத்துப் போனதும் அவள்தான். பெரியவரின் முடிவு: கூட இருந்தவளுக்கே எல்லாம் போனால் அது தகாத செல்வாக்கு, தாயை வற்புறுத்தவில்லை என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும், மற்ற மூவரும் கேவியட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு வாக்கியமும் தவறு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். உயில் வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு பேர் தலையில் இருக்கிறது. பெரியவர் இரண்டையும் ஒன்றாக்கி ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டார்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்குக் குழப்பமே கிடையாது. 1997இல் டாக்டர் சண்முகநாதன் எதிர் பெரியசாமி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிலை முன்வைக்கிறவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: உயில் முறைப்படி கையெழுத்தானது, எழுதியவருக்குத் தெளிந்த மனம் இருந்தது, உயில் உருவான விதத்தில் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை ஏதும் இருந்தால் அது நீங்கியது. தகாத செல்வாக்கு, மோசடி, கள்ளக் கையெழுத்து என்று குற்றம் சாட்டினால், அதை நிரூபிப்பது குற்றம் சாட்டுகிறவரின் பொறுப்பு. இரண்டாவது பாதியைப் பெரியவர் தலைகீழாக்கிவிட்டார்.

அவருக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. உயிரோடு இருக்கும்போது ஒருவர் எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்துக்கு வேறு விதி உண்டு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, ஒருவர் இன்னொருவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, பரிமாற்றமும் நியாயமற்றதாகத் தெரிந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் மேல் விழும். பாலத்துக்கு அக்கரையிலிருந்து போன வழக்கே இதற்குச் சான்று. சிங்கப்பூரில் இஞ்சே நோரியா என்ற முதிய பெண்மணி, எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் விவகாரங்களைப் பார்த்துவந்த உறவுக்காரப் பையனுக்கு நிலபுலன்களைத் தானமாக எழுதிக் கொடுத்தார். ஒரு லாயர் பத்திரத்தை விளக்கிச் சம்மதமும் கேட்டார். ஆனால் அது அவருடைய ஏறக்குறைய முழுச் சொத்து என்பது அந்த லாயருக்குத் தெரியாது. உயில் மூலமும் இதைச் செய்யலாமே என்று அவர் சொல்லவும் இல்லை. பிரிவி கவுன்சில் 1928இல் அந்தத் தானத்தை ரத்து செய்தது.

அது தானம். கொடுப்பவர் அன்றைக்கே வெறுங்கையாகிவிடுவார். அதனால்தான் சட்டம் வாங்குகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. உயில் அப்படி இல்லை. எழுதியவர் சாகும்வரை சொத்து அவருடையது, நாளைக்கே உயிலை மாற்றலாம். பாசம் வைத்தவருக்கும் பணிவிடை செய்தவருக்கும் கொடுப்பதற்காகத்தான் உயிலே எழுதுகிறார்கள். ஆகவே நெருக்கமாக இருந்தார் என்பதை வைத்தே செல்வாக்கை ஊகிக்கும் விதி உயிலுக்குப் பொருந்தாது. தகாத செல்வாக்கு என்று நிறுவ, எழுதியவரின் விருப்பத்தை மீறிக் கையெழுத்து வாங்கிய வற்புறுத்தலைக் காட்ட வேண்டும். கெஞ்சியதும் அழுததும், ‘அம்மா, என்னை மறந்துடாதீங்க’ என்று பலமுறை கேட்டதும் போதாது. சாப்பாடு தரமாட்டேன், வீட்டைவிட்டு அனுப்பிவிடுவேன், பேரனைக் காட்டமாட்டேன் என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது வேறு.

அதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. யார், எப்போது, எந்த வார்த்தையால், யார் முன்னிலையில் வற்புறுத்தினார் என்பதை விவரமாக மனுவில் எழுத வேண்டும். ‘கூடவே இருந்தாள், அதனால் செய்திருப்பாள்’ என்பது விவரம் ஆகாது. நிரூபிக்க முடியாத மோசடிக் குற்றச்சாட்டை வைத்தவர் எதிர்த்தரப்பின் செலவையும் தானே கட்ட வேண்டி வரலாம். ஆயர் மோலேக் சாலையில் இருக்கும் நீதிமன்ற வளாகத்துக்குள் காலடி வைக்கும் முன்பே ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் சொல்லவில்லை.

அப்படியானால் மூத்த பிள்ளைகளுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்ற பக்கத்தில். அதற்கும் அளவு உண்டு. கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்று தாய் அறிந்து ஒப்புக்கொண்டாரா? சந்தேகம் உயில் தயாரான விதத்திலும் கையெழுத்தான விதத்திலும் இருக்க வேண்டும். பங்கு ஏற்றத்தாழ்வாக இருப்பதே சந்தேகம் ஆகிவிடாது.

இந்த விதி பிறந்த இடமே பெரியவருக்கு எதிராக நிற்கிறது. 1838இல் பேரி எதிர் பட்லின் வழக்கில், உயிலைத் தயாரித்தவரே அதில் பலன் பெற்றால் நீதிமன்றம் விழிப்போடு சந்தேகிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. அந்த உயிலைத் தயாரித்த வழக்கறிஞருக்கும் அதில் பங்கு இருந்தது. சொந்த மகன் ஒதுக்கப்பட்டிருந்தான். நீதிமன்றம் சந்தேகித்தது, சாட்சியத்தை எடைபோட்டது, கடைசியில் உயில் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. சந்தேகம் என்பது ஒரு கேள்வி; அதற்குப் பதில் கிடைத்தால் உயில் நிற்கும்.

பதில் கிடைக்காமல் போனதற்கு விண்டில் எதிர் நை வழக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் கிட்டி வெல்ஸ் என்ற மூதாட்டி, வணிக விவகாரம் அறியாதவர், 1937இல் உயில் எழுதினார். தயாரித்தவர் அவருடைய குடும்ப வழக்கறிஞர் நை. சொத்து 115,000 பவுண்டு. பிறருக்குச் சிறுசிறு தொகைகள் போக மிச்சத்தில் பெரும்பகுதி நைக்கே. உயில் நீளமானது, சிக்கலானது. வேறு வழக்கறிஞரின் ஆலோசனை அந்த அம்மாளுக்குக் கிடைக்கவில்லை. உறவினரான ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி விண்டில் அதை எதிர்த்துப் போராடினார். ஜூரி நைக்குச் சாதகமாகச் சொன்னது. விண்டில் பிரபுக்கள் சபைவரை போய், வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடி, 1958 இறுதியில் ஏகமனதான தீர்ப்போடு ஜூரியின் முடிவைக் கவிழ்த்தார். இத்தகைய உயிலில் எவ்வளவு கடுமையான விழிப்பு வேண்டும் என்பதை விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்பதே காரணம். நை மிரட்டினார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று காட்டுவதுதான் நையின் பொறுப்பு.

இப்போது மாசாய்த் தாய்க்கு வருவோம். பெரியவர் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் இந்த வழக்கின் உயிர். லாயரிடம் விவரம் சொன்னது யார், தாயா மகளா? மகள் அறையில் இருந்தாளா, வெளியே காத்திருந்தாளா? உயில் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்து தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியுமென்றால், அதைப் படித்துத் தமிழில் விளக்கியவர் யார்? மகளேயா, லாயரின் குமாஸ்தாவா? அந்த விளக்கம் உயிலின் அடியில் எழுதப்பட்டிருக்கிறதா? ரேகை வைத்திருந்தால், 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின் 5ஆம் பிரிவு கேட்கிறபடி இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தார்களா? லாயரின் கோப்பில் அன்றைய குறிப்பு இருக்கிறதா? தாய் அந்த வாரம் மருத்துவமனையில் இருந்தார் என்றால், மருந்துக் குறிப்பும் மருத்துவர் பதிவும் என்ன சொல்கின்றன? முந்தைய உயில் ஒன்று இருந்து, அதைவிட இது முற்றிலும் மாறியிருந்தால், மாற்றத்துக்குக் காரணம் என்ன?

காரில் அழைத்துப் போனதற்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. எழுபது வயதுத் தாய் எப்படித்தான் லாயரிடம் போவார்? மகள் வெளியே நிற்க, லாயர் தாயிடம் தனியே பேசி, தமிழில் விளக்கி, குறிப்பு எழுதி, தன் அலுவலக ஊழியர் இருவரைச் சாட்சி வைத்திருந்தால், மூத்தவர்களுக்கு வழக்கே இல்லை. உயிலை மகள் கணினியில் தட்டி, வீட்டிலேயே ரேகை வாங்கி, தன் தோழிகள் இருவரைச் சாட்சி போட்டு, தானே பெட்டியில் பூட்டிவைத்திருந்தால், பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அப்போதும் அவள் பதில் சொல்வது தாய் அறிந்து ஒப்புக்கொண்டாரா என்பதற்குத்தான். இடையில் ஒன்று: சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் துணைவருக்கோ உயிலில் எழுதிய கொடை செல்லாது, ஆனால் உயில் செல்லும். உயிலே போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள்.

கேவியட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேவியட் போட்டால் புரோபேட் கொடுப்பது நிற்கும், அவ்வளவுதான். கேவியட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். எதிர்த்தரப்பு எச்சரிக்கை அனுப்பினால், கேவியட் போட்டவர் தன் உரிமையைக் காட்டி முன்னால் வர வேண்டும். பிறகு முழு வழக்கு, சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை. உட்கார்ந்திருக்க அங்கே இடமில்லை.

எனக்கு இந்த உரை மேல் உண்மையான கோபம் வருவது வேறொரு காரணத்தால். நம் வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒரு பிள்ளை சிக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் கல்யாணம் ஆகாத மகள், அல்லது தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்த மருமகள். பத்து வருடம் மலச்சட்டி எடுத்தவளை, பெருநாளுக்கு மட்டும் வந்துபோனவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம் என்று மேடை போட்டுச் சொல்வது கொடுமை. அப்படிச் சொல்ல எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

உயிலில் உண்மையாகவே கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதையும் பெரியவர் விட்டுவிட்டார். 1971ஆம் ஆண்டு குடும்ப வாழ்வாதார மரபுரிமைச் சட்டம், கணவன் அல்லது மனைவி, மணமாகாத மகள், வயது வராத மகன், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோர், உயில் செல்லும் என்றாலும் தம் வாழ்வாதாரத்துக்கு நியாயமான தொகை கேட்க வழி தருகிறது. யாரும் யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை. வசதியாக இருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு இது உதவாது. ஆனால் கைகால் விளங்காத தம்பி ஒருவன் அந்த உயிலில் விடுபட்டிருந்தால், அவனுக்கு உதவும். மனு போடக் காலக்கெடு, புரோபேட் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த அச்சுத்தாளைக் கீழே வைத்துவிட்டு இந்த வாரமே ஒரு லாயரைப் பாருங்கள்.