நாலு வினாடி மேட்டூர்

மே மாதக் கடைசி வாரம் ஒரு நாள் காலையில் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணே, மேட்டூர் 71 அடிதானாமே. ஜூன் 12-க்குத் திறக்க மாட்டாங்க. குறுவைக்கு நாற்றங்கால் போட வேணாம்னு நிறுத்திட்டேன்" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். டிவி செய்தியிலேயே வந்ததாம். யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். எனக்கும் அனுப்பி வைத்தான்.

படத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. நீல நிறத் தூண், அதன் தலையில் பெரிய எழுத்தில் 71. பக்கத்தில் அந்தச் சேனலின் முத்திரை.

அன்று அணையில் இருந்ததோ 104 அடி. (கணக்குப் போட வசதியாக இந்தப் பதிவில் எல்லாவற்றையும் முழு எண்ணாக்கித் தருகிறேன்.) 90 அடிக்கு மேல் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. 71-க்கும் 104-க்கும் நடுவில் தொங்கியது தம்பியின் ஒரு போகம்.

சேனல் பொய் சொல்லிவிட்டதா என்றால் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தக் காணொளியை யூடியூபில் தேடி எடுத்தேன். வரைபடம் திரையில் நின்றது மொத்தம் நாலே வினாடி. அதிலும் முதல் ஒன்றரை வினாடி, தூண் தரையிலிருந்து மேலே வளர்கிறது. அதன் தலையிலுள்ள எண்ணும் மீட்டர் ஓடுவதுபோல் 0, 23, 58 என்று ஓடி 104-ல் நிற்கிறது. குழுவில் படம் போட்ட புண்ணியவான் ஓடிக்கொண்டிருந்த மீட்டரைப் படம் பிடித்துவிட்டார். 71 என்ற எண் எந்த அணையின் அளவும் அல்ல. கம்ப்யூட்டர் 104-க்குப் போகும் வழியில் மிதித்த ஒரு படி, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கம்ப்யூட்டரில் யூடியூபை நிறுத்திவிட்டு `.` விசையைத் தட்டினால் ஒரு சட்டம் முன்னால் போகும், `,` தட்டினால் ஒரு சட்டம் பின்னால் வரும். வினாடிக்கு 25 சட்டம் என்றால் நாலு வினாடிக்கு நூறு. பத்துத் தட்டு தட்டியும் எண் மாறாமல் நின்றால்தான் அது எண். ஒரு தட்டுக்கே மாறினால் அது ஓட்டம். போனில் இந்த வசதி இல்லை, வேகத்தை 0.25 என்று குறைத்துக்கொண்டு பார்க்கலாம். படத்தின் தரத்தையும் 1080p-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். காட்சி மாறிய உடனே வரும் சில சட்டங்கள் எந்தத் தரத்திலும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும், தெளியும்வரை தள்ளிப் போக வேண்டும்.

சரி, 104 கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலைக்காலம் முழுவதும் வரைபடப் பலகையில் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தவன். நின்ற படத்தைப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. சென்ற ஆண்டுத் தூணின் தலையில் 112, இந்த ஆண்டில் 104. ஆனால் இந்த ஆண்டுத் தூண் சென்ற ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான். பார்த்தவுடன் அணை வற்றிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். இடது பக்கம் அளவுக்கோடு கிடையாது, அடியில் எந்த எண்ணும் கிடையாது.

பேரனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தேன். பெரிய தூண் 48 மில்லிமீட்டர், சிறியது 16. வித்தியாசம் 32 மில்லிமீட்டர், எண்களின் வித்தியாசம் 8 அடி. ஆக ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். 48-ஐ நாலால் வகுத்தால் 12. 112-ல் 12 போனால் 100. அதாவது தூண்களின் பாதம் பூஜ்யத்தில் இல்லை, 100 அடியில் இருக்கிறது. கீழே இருக்கும் 100 அடியை வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக "சராசரி" என்று ஒரு தூண், அதற்கு எண்ணே போடவில்லை. 30 மில்லிமீட்டர் இருந்தது. நாலால் வகுத்தால் ஏழரை, 100-ஐக் கூட்டினால் 107.5 அடி. என் ஸ்கேல் அரை மில்லிமீட்டர் தவறினாலும் பிழை அரைக்கால் அடிதான். எத்தனை ஆண்டுச் சராசரி என்பதை எந்த ஸ்கேலாலும் அளக்க முடியாது. அதை அவர்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

பாதத்தை வெட்டியது ஒரு பக்கம். அடிக்கணக்கே அரைகுறைதான் என்பது இன்னொரு பக்கம். அணை மேலே போகப் போக அகலும். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 100 அடியில் இருப்பது சுமார் 65 டிஎம்சி. மேல் இருபது அடிக்குள் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் இருக்கிறது, அடிக்குச் சராசரி 1.4. ஆகவே எட்டு அடி குறைவு என்றால் சுமார் 11 டிஎம்சி குறைவு, ஏழில் ஒரு பங்கு. தூணைப் பார்த்தவன் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்பான். அடியைப் பார்த்தவன் நூற்றுக்கு ஏழுதான் என்பான். வயலுக்கு வருவது டிஎம்சி. அந்த எண் காணொளியில் எங்குமே இல்லை.

அடுத்த நாலு வினாடியில் ஓர் அட்டவணை. காவிரி அணைகள், ஒவ்வொன்றுக்கும் முழு மட்டம், இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். கிருஷ்ணராஜ சாகருக்கு 124.80 என்று இருந்தது, அது சரி. கபினிக்கு 2284! அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு, மற்றவை அணையின் அடியிலிருந்து எடுத்தவை. ஒரே பத்தியில் இரண்டு கணக்கைக் கலந்துவிட்டு, ஒரு குறிப்பும் இல்லாமல் போய்விட்டார்கள். நாலு அணை, நாலு பத்தி, பதினாறு எண். என் மனைவியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் பார்த்தேன். முப்பத்தைந்து வினாடி ஆயிற்று.

"நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே தாத்தா" என்கிறான் பேரன். யூடியூபில் நிறுத்தலாம். வரப்பில் நின்று டீக்கடை டிவியைப் பார்ப்பவன் எதை நிறுத்துவான்? படிக்க விடாத அட்டவணையை எதற்குக் காட்ட வேண்டும்? எங்களிடம் புள்ளிவிவரம் இருக்கிறது என்று மிரட்டத்தான். செய்தி வாசித்த பெண் அந்த நாலு வினாடியும் "கணிசமாகக் குறைந்துள்ளது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூச்சிலேயே 104 என்று சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது அதிகமில்லை. எண் ஓட வேண்டாம், முதலிலேயே நிற்கட்டும். பாதத்தில் 100 என்று எழுதுங்கள். எந்தத் தேதி, காலை 8 மணி அளவா மாலை அளவா என்று மூலையில் போடுங்கள். பதினாறு எண்ணைக் காட்ட நேரமில்லை என்றால் இரண்டைக் காட்டுங்கள், பத்து வினாடி. மொத்த அட்டவணையைக் காணொளியின் கீழே எழுத்தாகப் போட ஒரு செலவும் இல்லை.

இதையெல்லாம் அந்தச் சேனலுக்கு இரண்டு பக்கக் கடிதமாக, ஸ்கேல் வைத்த படத்தோடு அனுப்பினேன். பதில் இல்லை. தம்பி அன்று மாலையே விதையை ஊற வைத்துவிட்டான். குழுவில் மட்டும் அந்த 71 இன்னும் இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தது.