கோடிட்ட இடத்தில் தொலையும் எச்சம்

கோடிட்ட இடங்களை நிரப்பாமல் பள்ளியைக் கடந்து வந்தவர் நம்மில் எவரும் இல்லை. ஆங்கில இலக்கணத் தாளில் அந்த வினா வரும் விதமும் ஏறக்குறைய மாறாதது. ஒரு வாக்கியம், நடுவே ஒரு கோடு, இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஸ்விம், பைட், ஷேக் என ஏதேனும் ஒரு வினைச்சொல். கோட்டுக்கு முன்னால் ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’ நின்றால் மூன்றாவது ஃபார்ம் போடவேண்டும் என்பது வகுப்பறை விதி. மாணவர் ஸ்வம், பிட்டன், ஷேக்கன் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறார். ஸ்வாம், பிட், ஷுக் என்று எழுதியவர் பூஜ்யம் பெறுகிறார். இந்த வினா மனப்பாடத்தைத்தான் சோதிக்கிறது, மொழியறிவை அல்ல என்பது நம் கருத்து. அதைவிட முக்கியமாக, தவறான விடைக்குள் இருக்கும் அறிவை அது கண்டுகொள்வதே இல்லை.

தமிழ் பேசும் மாணவருக்கு இந்த இடம் ஏன் வழுக்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இறந்தகாலத்தின் இந்த இருவகைப் பயன்பாடு நமக்குப் புதிதல்ல. ‘நீந்தினாள்’ என்பதும் ‘நீந்தியிருக்கிறாள்’ என்பதும் வேறு வேறு என்று நாம் அறிவோம். இரண்டாவதில் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ ஏறத்தாழ அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தமிழில் கடித்தது, கடித்து, கடித்த ஆகிய மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. இறந்தகால வடிவத்தை அறிந்தவர் எச்சத்தைத் தனியாகக் கற்கவேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ஒழுங்கான வினைகளும் இப்படியே. வாக்ட் என்பது முற்றாகவும் நிற்கும், ஹேஸ் என்பதன் பின்னாலும் நிற்கும். ஆகவே ‘ஹேஸ் ஸ்வாம்’ என்று எழுதும் மாணவர் தம் தாய்மொழியும் ஆங்கிலத்தின் பெரும்பகுதியும் கற்பித்த நியாயத்தைப் பின்பற்றுகிறார். முற்றும் எச்சமும் பிரிந்து நிற்கும் சிறு கூட்டம் ஒன்று உண்டு என்பதே அவர் இன்னும் அறியவேண்டியது.

அந்தச் சிறு கூட்டமும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. நம் மூன்று வினைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஸ்வாம், ஸ்வம் ஆகிய இரண்டுக்கும் இடையே உயிரொலி மட்டுமே வேறுபடுகிறது. ஈற்றில் எதுவும் சேர்வதில்லை. பிட், பிட்டன் இரண்டிலும் உயிரொலி ஒன்றே. ஈறு மட்டுமே வேறு. ஷுக், ஷேக்கன் இணையிலோ இரண்டும் மாறுகின்றன. உயிரொலி நிகழ்கால வடிவத்துக்கே திரும்புகிறது, அதோடு ஈறும் சேர்கிறது. ஆக, ‘மூன்றாவது ஃபார்ம்’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு செய்திகளை மாணவர் நினைவில் கொள்ளவேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் மொழியின் வரலாற்றில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இவ்வகை வினைகளின் இறந்தகாலம் ஒருமைக்கு ஒரு வடிவமும் பன்மைக்கு ஒரு வடிவமும் கொண்டிருந்தது. நீந்தியவர் ஒருவர் என்றால் ‘ஸ்வம்ம்’ போன்ற அகர ஒலி, பலர் என்றால் ‘ஸ்வும்மொன்’ என்ற உகர ஒலி. எச்சத்திலும் அதே உகரம். பின்னாளில் ஒருமை பன்மை வேறுபாடு மறைந்தபோது இரண்டு ஒலிகளில் ஒன்றுதான் மிஞ்ச முடிந்தது. ஸ்விம் என்பதில் ஒருமையின் ஒலி வென்றது. உகரம் எச்சத்தில் மட்டும் தங்கி, காலப்போக்கில் இன்றைய ஸ்வம் ஆயிற்று. பைட் என்பதில் நேர்மாறாகப் பன்மையின் இகரம் வென்றது. எச்சத்திலும் முன்பே இகரம் இருந்ததால், இன்று பிட், பிட்டன் ஆகியவற்றைப் பிரிப்பது ஓர் ஈறு மட்டுமே. ஷேக் என்பதில் ஒருமைக்கும் பன்மைக்கும் தொடக்கம் முதலே ஒரே உயிரொலி இருந்ததால் அந்தப் போட்டி எழவே இல்லை.

இந்தக் குடும்ப உறவைப் பாடநூல்களின் அகரவரிசைப் பட்டியல் கலைத்துவிடுகிறது. ஸ்விம் என்பதன் உறவினர்கள் ஸிங், ரிங், டிரிங்க், பிகின் ஆகியவை. ஷேக் என்பதன் நெருங்கிய உறவு டேக். பைட் என்பதற்கு அருகில் வைக்கத்தக்கது ஹைட். பட்டியலில் இவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. டுக், டேக்கன் அறிந்த மாணவர் ஷுக், ஷேக்கன் என்பதை அரை நிமிடத்தில் பெற்றுவிடுவார். பட்டியலோ அதையும் தனிச் சுமையாகவே ஏற்றுகிறது.

இனி விடைத்தாளுக்கு வருவோம். ‘ஷி ஹேஸ் ______ இன் திஸ் ரிவர்’ என்பது வினா; கொடுத்த வினைச்சொல் ஸ்விம். நான்கு மாணவர்கள் நான்கு தவறான விடைகள் எழுதுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் ஸ்வாம் என்று எழுதுகிறார். இவ்வினை ஒழுங்கானதல்ல என்பது அவருக்குத் தெரியும். உயிரொலி மாறும் என்பதும் தெரியும். முற்றும் எச்சமும் இங்கே பிரிகின்றன என்பது மட்டும் தெரியவில்லை. இரண்டாமவர் ஸ்விம்ட் என்று எழுதுகிறார். பொது விதியை அறிந்தவர். இச்சொல் அதற்கு விலக்கு என்பதை அறியாதவர். மூன்றாமவர் ஸ்விம்மிங் என்று எழுதுகிறார். சொல்லின் வடிவத்தில் அவருக்குக் குறையில்லை; ஹேஸ் எதை ஏற்கும் என்பதுதான் குழப்பம். நான்காமவர் ஸ்விம் என்றே விட்டுவிடுகிறார். அவருக்கு இந்த அமைப்பே இன்னும் பழகவில்லை. நால்வருக்கும் தேவையான பாடம் வேறு வேறு. ஆனால் நால்வரும் பெறுவது ஒரே பூஜ்யம், நால்வரும் ஏற்பது ஒரே தண்டனை: சரியான விடையைப் பத்துமுறை எழுதுதல். மூன்றாமவர் ஸ்வம் என்று நூறுமுறை எழுதினாலும் அவருடைய குழப்பம் தீரப்போவதில்லை.

வினாவின் குறைகளும் இரண்டு வகை. முதலாவது, வாக்கியமே விடையைச் சொல்லிவிடுவது. பத்து வினாக்களிலும் ஹேஸ் அல்லது ஹேவ் இருந்தால் மாணவர் வாக்கியத்தைப் படிக்கவேண்டியதே இல்லை. பட்டியலின் மூன்றாம் நெடுவரிசையை ஒப்பித்தால் போதும். இரண்டாவது, வாக்கியம் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்பது. ‘தி டாக் ______ தி போஸ்ட்மேன்’ என்ற வாக்கியத்தில் காலத்தைக் காட்டும் சொல் எதுவும் இல்லை. பிட் என்பதும் ஹேஸ் பிட்டன் என்பதும் பைட்ஸ் என்பதும் அங்கே பொருந்தும். இன்னும் நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. ‘தே’ட் ______ ஹேண்ட்ஸ் பிஃபோர் தி மீட்டிங் பிகேன்’ என்பதில் ‘தே’ட்’ என்ற சுருக்கம் ஹேட் என்பதற்கும் நிற்கும், வுட் என்பதற்கும் நிற்கும். முதலாவதானால் ஷேக்கன்: கூட்டம் தொடங்குமுன் கைகுலுக்கியிருந்தார்கள். இரண்டாவதானால் ஷேக்: ஒவ்வொரு முறையும் கைகுலுக்குவார்கள். இரண்டும் சரியான ஆங்கிலம். விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும்.

அப்படியானால் நல்ல வினா எப்படி இருக்கும்? மாணவர் முற்றையும் எச்சத்தையும் ஒரே இடத்தில் எடைபோட நேரவேண்டும். ஒரு மாதிரியைப் பார்ப்போம். மிகிர் சென் 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர். மறு ஆண்டு ஆரதி சாஹா அதைக் கடந்தார். இதை வைத்து இப்படி எழுதலாம்:

‘மிகிர் சென் ______ தி சேனல் இன் 1958. வென் ஆரதி சாஹா ______ இட் எ இயர் லேட்டர், இட் ஹேட் ஆல்ரெடி பீன் ______ பை அன் இண்டியன்.’

மூன்று கோட்டுக்கும் வினைச்சொல் ஸ்விம் ஒன்றே. முதலிரண்டு இடங்களில் ஸ்வாம், மூன்றாவதில் ஸ்வம். ஆண்டு குறிப்பிடப்பட்டிருப்பதால் முதல் கோட்டில் ஹேஸ் ஸ்வம் என்று எழுத வழியில்லை. மூன்றாம் கோட்டில் ஹேட் சற்றுத் தள்ளி நிற்க, நடுவே பீன் வந்து அது செயப்பாட்டுவினை என்று காட்டுகிறது. இங்கே தமிழ் மாணவருக்குத் தனியாக உதவி தேவை. கடிக்கப்பட்டான் என்னும்போது நாம் ‘கடிக்க’ என்பதன் மேல் ‘படு’ சேர்க்கிறோம். இறந்தகால எச்சம் அங்கே வருவதில்லை. ஆங்கிலமோ செயப்பாட்டுக்கும் அதே பிட்டன் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. மூன்றாவது ஃபார்மை ஹேஸ் என்பதோடு மட்டும் முடிச்சுப்போட்டு வைத்திருப்பவர் இங்கே தடுமாறுவது இயல்பு.

ஷேக் என்பதற்கு இணையான இரு வாக்கியங்கள் போதும். ‘தி ஹோல் டவுன் வாஸ் ______ பை தி எர்த்க்வேக்’ என்பதில் ஊர் குலுக்கப்பட்டது, ஆகவே ஷேக்கன். ‘ஹிஸ் ஹேண்ட்ஸ் வேர் ______ ஸோ பேட்லி தட் ஹி குட் நாட் ஹோல்ட் தி கப்’ என்பதில் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆகவே ஷேக்கிங். கோட்டுக்கு முன்னிருக்கும் சொல்லை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. கோட்டுக்குப் பின்னாலும் படிக்கவேண்டும். படிக்கவைப்பதுதானே மொழித்தாளின் வேலை?

ஒரு மறுப்பு எழலாம்: தவறு தவறுதானே, அதற்கு இவ்வளவு பரிவு எதற்கு? தேர்வுக்கு ஒரு நிலையான அளவுகோல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஹேஸ் ஸ்வம் என்பதே எழுத்து ஆங்கிலத்தின் வடிவம். அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோடு எப்போதும் இத்தனை அழுத்தமாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியரும் மில்டனும் ஷுக் என்பதை எச்சமாகவும் எழுதியிருக்கிறார்கள். 1762இல் வெளியான தம் இலக்கண நூலில் ராபர்ட் லௌத் முற்றை எச்சமாகப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தபோது, அவர் பிழை பிடித்தவர்களில் மில்டனும் டிரைடனும் போப்பும் இருந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி 1957இல் பாடிப் புகழ்பெற்ற ‘ஆல் ஷுக் அப்’ பாடலின் தலைப்பிலேயே அந்தப் பேச்சுவழக்கு உயிரோடிருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி பிட்டன் என்பதோடு பிட் என்பதையும் எச்சமாகப் பதிவு செய்கிறது. மில்டனுக்கு நேர்ந்தது நம் மாணவருக்கும் நேரும்போது அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நிலைபெற்ற வழக்கு இன்னும் அவரை வந்தடையவில்லை, அவ்வளவே.

ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒரே பத்தியில் ஸ்வாம், ஸ்வம் இரண்டுக்கும் இடம் வையுங்கள். விடைக்குறிப்பை இறுதி செய்யுமுன் ஒவ்வொரு கோட்டிலும் அந்த வினையின் எல்லா வடிவங்களையும் பொருத்திப் படித்து, இரண்டாவது விடை எழுகிறதா என்று பாருங்கள். திருத்தும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: ஸ்விம்ட் என்றவருக்கு ‘வடிவம்’, ஸ்விம்மிங் என்றவருக்கு ‘அமைப்பு’. தாளைத் திரும்பப் பெறும் மாணவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய அந்த ஒரு சொல் போதும்.