முள் சுழியில் நின்றால் மட்டும் போதாது

வீட்ஸ்டன் பாலம் என்றதும் மாணவர்கள் பலர் P/Q = R/S என்று எழுதிவிடுகிறார்கள். சாய்சதுர வடிவில் நான்கு மின்தடைகள், நடுவே கால்வனோமீட்டர், கீழே மின்கலம் என்று படத்தையும் வரைந்துவிடுகிறார்கள். அதே சுற்றை மேசைமேல் இணைத்து, அதன் புகைப்படத்தைக் காட்டி, "இதில் P எது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. புகைப்படத்தில் சாய்சதுரம் இல்லை. வளைந்து கிடக்கும் கம்பிகள்தாம் இருக்கின்றன.

சூத்திரத்தையும் சாய்சதுரத்தையும் முதலில் கற்பதுதான் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. முதலில் கற்க வேண்டியவை இரண்டு: படத்தில் நான்கு புள்ளிகளைக் கண்டுபிடிப்பது, அவற்றுள் இரண்டின் மின்னழுத்தத்தை ஒப்பிடுவது. இவை தெரிந்தால் சூத்திரம் தானாக வந்து சேரும்.

ஒரு புகைப்படத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் நான்கு மின்கலங்கள் கொண்ட பெட்டி. மொத்தம் 6 வோல்ட். அதிலிருந்து சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் பிரெட்போர்டுக்குப் போகின்றன. பலகையில் மூன்று மின்தடையங்கள், அதாவது கடைகளில் ரெசிஸ்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அவை. வலது ஓரத்தில் ஒரு மின்தடைப் பெட்டி. அதன் திருகுகள் 2000 ஓம் காட்டுகின்றன. முன்னால் ஒரு கால்வனோமீட்டர். அதன் சுழி அளவுகோலின் நடுவில் இருக்கிறது. முள் அந்தச் சுழியில் நிற்கிறது.

படத்தில் சாய்சதுரத்தைத் தேட வேண்டாம். சிவப்புக் கம்பியின்மேல் விரலை வையுங்கள். பிரெட்போர்டில் ஒரே வரிசையிலுள்ள ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஆகவே சிவப்புக் கம்பி செருகிய வரிசை முழுவதும் ஒரே புள்ளி. அதைச் சிவப்புப் புள்ளி என்போம். அங்கிருந்து இரண்டு மின்தடையங்கள் கிளம்புகின்றன. ஒன்றில் பழுப்பு, கறுப்பு, பழுப்பு வளையங்கள்: 100 ஓம். மற்றொன்றில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு: 1000 ஓம். 100 ஓம் போய் முடியும் வரிசை இடப்புள்ளி. 1000 ஓம் போய் முடியும் வரிசை வலப்புள்ளி.

இடப்புள்ளியிலிருந்து சிவப்பு, கறுப்பு, பழுப்பு வளையங்கள் கொண்ட 200 ஓம் மின்தடையம் கறுப்புக் கம்பி செருகிய வரிசைக்குப் போகிறது. அது கறுப்புப் புள்ளி. வலப்புள்ளியிலிருந்து மின்தடைப் பெட்டி வழியாக அதே கறுப்புப் புள்ளிக்கு இன்னொரு பாதை. மீதமிருக்கும் இரண்டு பச்சைக் கம்பிகள் இடப்புள்ளியையும் வலப்புள்ளியையும் கால்வனோமீட்டரோடு இணைக்கின்றன. படத்தை வாசிப்பது இவ்வளவுதான். கம்பி எவ்வளவு நீளம், எப்படி வளைந்தது என்பவை முக்கியமில்லை. எது எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது என்பதே கேள்வி.

இனி, முள் ஏன் அசையவில்லை? கால்வனோமீட்டரைச் சற்று நேரம் மறந்துவிட்டு இரண்டு பாதைகளையும் தனித்தனியாகப் பார்ப்போம். இடது பாதையில் 100 ஓமும் 200 ஓமும் தொடராக உள்ளன. மொத்தம் 300 ஓம். 6 வோல்ட்டை 300 ஆல் வகுத்தால் 0.02 ஆம்பியர், அதாவது 20 மில்லியாம்பியர். 100 ஓமில் 2 வோல்ட் குறைகிறது. ஆகவே இடப்புள்ளி 4 வோல்ட்டில் இருக்கிறது.

வலது பாதையில் மொத்தம் 3000 ஓம். மின்னோட்டம் 2 மில்லியாம்பியர்தான். 1000 ஓமில் அதே 2 வோல்ட் குறைகிறது. வலப்புள்ளியும் 4 வோல்ட். கால்வனோமீட்டரின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதன் வழியே மின்னோட்டம் பாய எந்தக் காரணமும் இல்லை. சமநிலை என்பது இதுதான்.

இங்கே பலரும் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருகிறார்கள். முதலாவது, சமநிலையில் சுற்றிலேயே மின்னோட்டம் இல்லை என்பது. மேலே பார்த்தபடி, மின்கலம் 22 மில்லியாம்பியரைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டம் இல்லாத ஒரே இடம் கால்வனோமீட்டர். இரண்டாவது, இரு பாதைகளிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது என்பது. நம் படத்தில் இடது பாதையில் பாய்வது வலது பாதையில் பாய்வதைப் போல் பத்து மடங்கு. அப்படியிருந்தும் பாலம் சமநிலையில் இருக்கிறது.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாடியிலிருந்து தரைக்கு இரண்டு படிக்கட்டுகள். ஒன்று அகலமானது; பத்துப் பேர் சேர்ந்து இறங்கலாம். மற்றது குறுகியது; ஒருவர் மட்டும் இறங்கலாம். இரண்டையும் நான்காவது மாடியில் ஒரு நடைபாதை இணைக்கிறது. அந்த நடைபாதையில் பந்து ஒன்றை வைத்தால் அது உருளாது. எந்தப் படிக்கட்டில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதைப் பந்து பார்ப்பதில்லை. நடைபாதையின் இரு முனைகளும் ஒரே உயரமா என்பதுதான் அதற்குப் பொருட்டு. சூத்திரத்தில் விகிதம் வருவதும் இதனால்தான். 100/200 = 1000/2000 என்பதன் பொருள், இரு பாதைகளும் 6 வோல்ட்டை ஒரே விகிதத்தில் பிரிக்கின்றன என்பதே.

இப்போது மின்தடைப் பெட்டியை 1000 ஓமுக்கு மாற்றுங்கள். கால்வனோமீட்டர் இணைக்கப்படாத நிலையில் வலப்புள்ளி 3 வோல்ட்டுக்கு இறங்கும். மீட்டரை இணைத்ததும் மின்னோட்டம் இடப்புள்ளியிலிருந்து வலப்புள்ளிக்குப் பாயும். முள் ஒரு பக்கம் சாயும். பெட்டியை 5000 ஓமுக்கு மாற்றினால் வலப்புள்ளி 5 வோல்ட்டுக்கு ஏறும். முள் எதிர்ப்பக்கம் சாயும். மீட்டர் வழியே ஓட்டம் பாயத் தொடங்கியதும் இந்த 3, 5 என்ற எண்கள் சற்று மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சமநிலையில் மட்டும் மீட்டர் எதையும் எடுப்பதில்லை. ஆகவே அதன் சொந்த மின்தடை எவ்வளவு என்று நமக்குத் தெரியவே வேண்டியதில்லை.

இந்த அமைப்பை 1833ல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி விவரித்தார். 1843ல் சார்லஸ் வீட்ஸ்டன் அதை லண்டனில் அரச கழகத்தின் முன் எடுத்துரைத்துப் பரவலாக அறியச் செய்தார். முதலில் செய்தவர் கிறிஸ்டிதான் என்றும் சொன்னார். துல்லியமாக அளவு குறித்த மீட்டர்களும் நிலையான மின்கலங்களும் எளிதில் கிடைக்காத காலம் அது. முள் எவ்வளவு சாய்ந்தது என்று படிப்பதைவிட, அது சாயவே இல்லை என்று உறுதிசெய்வது எளிது. நம் மின்கலங்கள் தேய்ந்து 6 வோல்ட் 5.4 வோல்ட்டாகக் குறைந்தாலும் இரு புள்ளிகளும் சேர்ந்தே 3.6 வோல்ட்டுக்கு இறங்கும், சமநிலை கலையாது.

ஆனால் முள் சுழியில் நிற்கும் புகைப்படம் ஒன்றை மட்டும் காட்டினால் அதைச் சமநிலைக்குச் சான்றாக நான் ஏற்கமாட்டேன். மின்கலப் பெட்டியின் சுவிட்சு அணைந்திருந்தாலும் முள் சுழியில்தான் நிற்கும். பச்சைக் கம்பி ஒன்று துளையில் சரியாகப் பொருந்தாவிட்டாலும் அப்படியே. இரண்டு பச்சைக் கம்பிகளையும் தவறுதலாக ஒரே வரிசையில் செருகினாலும் அதே சுழிதான். இந்த நான்கு சுழிகளும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும்.

வேறுபடுத்தும் வழி எளிது. பெட்டியை 1900 ஓமுக்குக் குறையுங்கள். பிறகு 2100 ஓமுக்குக் கூட்டுங்கள். முள் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் சாய்ந்தால் நடுவில் கண்ட சுழி உண்மையான சமநிலை. இரண்டிலும் அசையாமல் நின்றால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது அல்லது இரு கம்பிகளும் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டுமே சாய்ந்தால் சமநிலை இன்னும் தள்ளி இருக்கிறது.

இன்னொரு கவனமும் தேவை. தொடக்கத்தில் முள் வேகமாக விளிம்பில் மோதாமல் இருக்கக் கால்வனோமீட்டரோடு 10,000 ஓம் போன்ற பெரிய மின்தடையைத் தொடராக இணைப்பது வழக்கம். அது இருக்கும்வரை 1900லும் 2100லும்கூட முள் அசைவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சமநிலையை நெருங்கியதும் அதை நீக்கிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். சுழி எவ்வளவு துல்லியமானது என்பது முள் எவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு அசையும் என்பதைப் பொறுத்தது.

அப்படிச் சரிபார்த்த பிறகு சமநிலை 2000ல் வராமல் 1940ல் வந்தால் பயப்பட வேண்டாம். மின்தடையங்களின் கடைசி வளையம் தங்க நிறமாக இருந்தால், எழுதிய அளவிலிருந்து 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். பாலம் உண்மையான மின்தடைகளைத்தான் பார்க்கிறது. வளையங்களின் நிறத்தைப் பார்ப்பதில்லை. விடை "அழகாக" வரவேண்டும் என்று குறிப்பேட்டில் 2000 என்று திருத்தி எழுதும் மாணவர், பாலம் சொன்ன உண்மையான தகவலை அழித்துவிடுகிறார்.

தேர்வுக்குச் சூத்திரமே போதாதா என்று சிலர் கேட்கலாம். எண்களைக் கொடுத்து நான்காவதைக் கேட்கும் கேள்விக்குப் போதும். ஆனால் எந்த மின்தடை எதற்கு மேலே வரும் என்பதைச் சூத்திரம் சொல்லாது. அதைச் சொல்வது நான்கு புள்ளிகள்தாம். ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கால்வனோமீட்டரை இணைக்கும் முன், கறுப்புப் புள்ளியிலிருந்து இடப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் வோல்ட்மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 4 வோல்ட் தெரிந்தபின், முள் அசையுமா என்று மாணவர்களையே முன்கூட்டிச் சொல்லவிடுங்கள். செய்முறை அறிக்கையில் ஒரு படத்துக்குப் பதில் மூன்று படங்கள் கேளுங்கள்: சமநிலைக்குச் சற்றுக் கீழே, சமநிலையில், சற்று மேலே. முள் இடமும் வலமுமாகச் சாய்ந்த இரண்டு படங்களுக்கு நடுவில் நிற்கும் சுழிக்குத்தான் மதிப்பெண் கொடுக்கலாம்.