ஒன்பது மணிக்கே எல்லோரும் வர வேண்டுமா?

கடந்த விடுமுறையில் சென்னையில் ஒரு அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். பத்து மாடிக் கட்டிடம், இரண்டு லிப்ட். ஒன்பதாவது மாடியில் டேட்டா என்ட்ரி பார்க்கும் ஒரு அக்கா தினமும் 8.50க்கே வந்து வரிசையில் நிற்பார். ஆனால் விரல் வைக்கும் மெஷின் இருப்பதோ ஒன்பதாவது மாடியில்! மூன்று முறை தாமதமானால் அரைநாள் சம்பளம் போய்விடும். "தம்பி, நான் கீழே வந்து நின்னது அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் ஒரு வாரம் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு லிப்டைக் கவனித்தேன்.

லிப்டில் 13 பேர் என்று எழுதியிருக்கும். பையும் சாப்பாட்டுக் கூடையுமாக வருவதால் பத்து பேருக்கு மேல் ஏற முடிவதில்லை. பதினோராவது ஆள் திணித்துக்கொண்டு ஏறினால் கதவு மூடச் சிரமம். மேலும் ஒருவர் ஏறினால் அலாரம் அடிக்கும், யார் இறங்குவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். பத்து மாடி ஏறி இறங்க மட்டும் 65 விநாடி. பத்து பேர் ஏறினால் ஆறு ஏழு மாடிகளில் நிற்கும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பத்து விநாடி. கீழே ஆள் ஏற 15 விநாடி. மொத்தத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். அதாவது இரண்டு லிப்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 8 பேரைத்தான் ஏற்றும்.

ஆனால் 8.50 முதல் 9.00 வரையான பத்து நிமிடத்தில் சுமார் 240 பேர் வந்து சேருகிறார்கள். ஒன்பது மணிக்குள் 80 பேர் மேலே போயிருப்பார்கள். மீதி 160 பேர் போய் முடிய இன்னும் இருபது நிமிடம் ஆகும். அந்த அக்காவின் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு! ஒரு லிப்ட் பழுதானால் கடைசி ஆள் மேலே போகும்போது மணி 9.50.

இதற்கு மூன்றாவது லிப்ட் தேவையில்லை. 9.00, 9.15, 9.30 என்று மூன்று நேரங்களாகப் பிரித்தால் போதும். ஒரு பிரிவுக்கு 80 பேர். பத்து நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். அடுத்த பிரிவு வருமுன் ஐந்து நிமிடம் மூச்சு விடலாம்.

ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பதவியை வைத்துப் பிரித்தால் (அதிகாரிகள் தாமதமாக வரலாம், மற்றவர்கள் முன்னால் என்று) ஒவ்வொரு பிரிவிலும் எல்லா மாடிக்காரர்களும் இருப்பார்கள். லிப்ட் பழையபடி ஆறு ஏழு இடத்தில் நிற்கும். மாடியை வைத்துப் பிரிக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிக்காரர்கள் ஒன்றாக வந்தால் லிப்ட் மூன்றே இடத்தில் நிற்கும். சுற்று 110 விநாடியாகக் குறைந்து, நிமிடத்துக்கு 11 பேர் போகலாம். கீழ் மாடிகளுக்கு இன்னும் வேகம். ஒரு லிப்ட் பழுதான நாளிலும் 80 பேரை பதினைந்து நிமிடத்துக்குள் ஏற்றிவிடலாம். அதாவது அடுத்த பிரிவின் தலையில் இவர்களின் வரிசை விழாது.

இதைக் கெடுக்கக்கூடியது ஸ்டாப் பஸ். மூன்று நேரம் என்று அறிவித்துவிட்டு, எல்லா பஸ்ஸும் 8.50க்கே வந்து நின்றால் என்ன பயன்? பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் முன்பு போலவே லிப்ட் வாசலில் கூடுவார்கள். பஸ் நேரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

2020ல் கொரோனா நேரத்தில் வேலை நேரத்தைப் பிரித்து வைக்கச் சொல்லி மத்திய அரசே உத்தரவிட்டது. லிப்டில் அளவைப் பொறுத்து இரண்டு அல்லது நான்கு பேர்தான் ஏறலாம் என்றும் சொன்னது. அப்போது தொற்றுக்காகச் செய்ததை இப்போது சம்பளத்துக்காகச் செய்யக்கூடாதா?

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். 9.30க்கு வருகிறவர்கள் மாலையில் அரைமணி தாமதமாகக் கிளம்ப வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டு வருகிறவருக்கு அது வசதி, இருட்டில் பஸ் மாறிப் போகிற பெண்ணுக்குக் கஷ்டம். ஆகவே எந்த மாடிக்கு எந்த நேரம் என்பதை அந்தந்த மாடிக்காரர்களிடம் கேட்டு முடிவு செய்வதே நியாயம். ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் அவரை மட்டும் வேறு பிரிவில் விடலாம். நாலைந்து பேர் மாறுவதால் கணக்கு கெடாது.

அதுவரை குறைந்தபட்சம் அந்த மெஷினையாவது தரைத்தளத்துக்குக் கொண்டு வாருங்கள். வரிசை குறையாதுதான். ஆனால் லிப்டின் தாமதத்துக்கு அந்த அக்காவின் சம்பளத்தைப் பிடிப்பதாவது நிற்கும்.