சான்றிதழ் கேட்கும் கட்டம்: டீன் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் முதுநிலைப் பிரிவு அலுவலர்களுக்கும்,

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்கள் உங்களிடம் தரவேண்டிய படிவத்தில், ஆய்வுக்கட்டுரை என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: ஜர்னலின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எண், வெளியீட்டுச் சான்றிதழின் நகல். ஒரு கட்டுரையை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லி, திருத்தம் கேட்டு, மறுபடி பார்த்து வெளியிடும் ஜர்னல் பெரும்பாலும் சான்றிதழ் எதுவும் அச்சடித்துத் தருவதில்லை. கட்டுரையேதான் அங்கே சான்று. பொன்நிற ஓரமும் முத்திரையும் வைத்துச் சான்றிதழ் தருபவர்கள், பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் வேட்டை ஜர்னல்காரர்கள். நம் படிவம் அவர்களிடம் இருப்பதை மட்டும் கேட்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோ ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. விண்ணப்பித்தால் எந்த ஜர்னலுக்கும் கிடைக்கும்.

சட்டம் இவ்வளவு கேட்கவும் இல்லை. முதுநிலை மருத்துவக் கல்விக்கான 2000ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் நெடுங்காலம் இருந்த வாசகம், கட்டுரை வெளியாகியிருக்கலாம், ஏற்கப்பட்டிருக்கலாம், அல்லது வெளியீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்று மூன்றையும் ஒன்றாகவே வைத்தது. அனுப்பினாலே போதும் என்றிருந்ததை, வெளியாகிச் சான்றிதழோடு வரவேண்டும் என்று நம் படிவம் இறுக்கிவிட்டது. தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அந்தக் கட்டத்தைப் பார்க்கும் மாணவர் எங்கே போவார்?

இது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். குழந்தை மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு டாக்டர். வார்டில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலோடு வந்த குழந்தைகளின் கேஸ் ஷீட்களை எடுத்து, எஸ்கார் என்கிற கறுத்த பொருக்கு முதல் நாள் பரிசோதனையில் எத்தனை பேரிடம் தவறவிடப்பட்டது, அதனால் டாக்ஸிசைக்ளின் தொடங்க எவ்வளவு தாமதமானது என்று எழுதியிருக்கிறார். அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் என்று எங்கெங்கே பொருக்கு ஒளிந்திருந்தது என்பதற்குத் தனி அட்டவணையும் இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு நாளைக்கே பயன்படும் கட்டுரை.

மாநாட்டில் போஸ்டர் வைத்த மறுவாரம் அவருக்கு மின்னஞ்சல் வருகிறது. அவரை 'புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர்' என்கிறது. ஜர்னலின் பெயர், நாமெல்லாரும் மதிக்கும் ஒரு ஜர்னலின் பெயரோடு 'இன்டர்நேஷனல்' என்ற சொல் மட்டும் கூடியதாக இருக்கிறது. ஐந்து நாளில் முடிவு, பத்து நாளில் வெளியீடு. ஸ்கோப்பஸிலும் பப்மெடிலும் இடம்பெற்றது என்று முகப்பில் சின்னங்கள். கட்டணம் எவ்வளவு என்ற பேச்சே இல்லை.

அவர் பார்க்க வேண்டியவை சில. எல்லாம் ஒரு மணி நேர வேலைதான். முதலில் ஸ்கோப்பஸ். ஜர்னலின் தளத்தில் இருக்கும் சின்னத்தை நம்பாமல், ஸ்கோப்பஸின் இலவச ஜர்னல் பட்டியலுக்குப் போய், பெயரைப் போடாமல் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். பெயரைப் போட்டால் அந்த நல்ல ஜர்னல் வந்து நிற்கும், நாம் ஏமாந்துபோவோம். எண்ணைப் போட்டால் ஒன்றுமே வராமல் போகலாம். அல்லது வேறொரு நாட்டில் எப்போதோ நின்றுபோன ஜர்னலின் எண்ணைத் திருடி ஒட்டியிருப்பது தெரியலாம். உண்மையிலேயே அந்த ஜர்னல்தான் வந்தாலும், எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்ற வரியைப் படிக்க வேண்டும். தரம் குறைந்ததால் இடையில் நீக்கப்பட்டவை நிறைய உண்டு. நீக்கப்பட்ட பிறகும் அவற்றின் முகப்பில் சின்னம் அப்படியே கிடக்கும்.

அடுத்தது பப்மெட். இங்கேதான் நம் ஆசிரியர்களும் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 'பப்மெடில் தேடினேன், அந்த ஜர்னலின் கட்டுரை வந்தது சார்' என்பது போதாது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி பெற்ற ஒருவர் தெரியாமல் வேட்டை ஜர்னலில் எழுதியிருந்தால், நிதியின் விதிப்படி தன் ஒரு கட்டுரையை பப்மெட் சென்ட்ரலில் சேர்ப்பார். அது பப்மெடிலும் தெரியும். அதை வைத்து ஜர்னல் முழுவதும் தேறிவிட்டதாக விளம்பரம் செய்கிறார்கள். சரியான இடம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் NLM Catalog. அங்கே ஜர்னலின் பதிவில் `Currently indexed for MEDLINE` என்ற வரி இருந்தால், நூலகம் அந்த ஜர்னலை மதிப்பிட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பொருள். அந்த வரி இல்லாத நல்ல ஜர்னல்களும் உண்டு; ஆனால் இருப்பதாகச் சொல்லிவிட்டு அங்கே இல்லாவிட்டால், சொன்னவர் பொய்யர்.

மூன்றாவது வழியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்: கடைசி இதழிலிருந்து மூன்று கட்டுரைகளைத் திறந்து படிப்பது. முதல் பக்கத்தில் கட்டுரை பெறப்பட்ட நாளும் ஏற்கப்பட்ட நாளும் இருக்கும். திங்கள் பெற்று வெள்ளி ஏற்றிருந்தால் யாரும் அதைப் படிக்கவில்லை. குழந்தை மருத்துவத்துக்கு அடுத்த பக்கத்தில் பல் மருத்துவம், அதற்கடுத்து நிலத்தடி நீர் என்று போனால் அது ஜர்னல் அல்ல. அட்டவணையின் கூட்டல் சரியாக இருக்கிறதா, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண் இருக்கிறதா என்று முதுநிலை மாணவரே பார்த்துவிட முடியும். 2013இல் ஜான் போஹனான் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரிய பிழைகளை வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க ஜர்னல்களுக்கு அனுப்பி, முடிவுகளை சயின்ஸ் இதழில் எழுதினார். 157 ஜர்னல்கள் அதை ஏற்றுக்கொண்டன. பிழைகள் ஒளிந்தே இல்லை, படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருப்பதை நம்ப வேண்டாம். 2017இல் நேச்சரில் வெளியான ஒரு சோதனையில், கற்பனையான ஒரு பெண்ணின் பெயரில், தகுதியே இல்லாத ஒரு தன்விவரம் தயாரித்து, 360 ஜர்னல்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு அனுப்பினார்கள். 48 ஜர்னல்கள் பதவி கொடுத்தன. தெரிந்த பேராசிரியர் ஒருவரின் பெயர் குழுவில் இருந்தால் அவருக்கே போன் போட்டுக் கேட்கலாம். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் பார்க்காமல் நம் டாக்டர் கட்டுரையை அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் 'ஏற்கப்பட்டது' என்று கடிதம் வரும். ரிவ்யூவர் எழுதியது ஒரு வரி இருக்கும், அதுவும் ஆங்கிலத்தைச் சரிசெய்யச் சொல்லி. இப்போதுதான் கட்டணம் வரும், தனிநபர் பெயரில் உள்ள கணக்கு எண்ணோடு. அவர் பயந்து திரும்பப் பெற நினைத்தால், அதற்கும் ஒரு கட்டணம் கேட்பார்கள். கொடுக்காவிட்டாலும் சில சமயம் வெளியிட்டுவிடுவார்கள். பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை எங்கேயாவது வெளியான கட்டுரையை நல்ல ஜர்னல் எடுத்துக்கொள்ளாது. இரட்டை வெளியீடு என்று திருப்பிவிடும். ஸ்க்ரப் டைஃபஸ் பொருக்கைப் பற்றிய அந்த அட்டவணை யாரும் தேடிப் படிக்காத இடத்தில் போய்விடும். அதைப் படித்திருக்க வேண்டிய ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு அது கிடைக்காது. இந்த இழப்பைத் தடுக்கத்தான் நான் இந்த மடலை எழுதுகிறேன்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பணம் கட்ட வேண்டாம், காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம். திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து, எல்லா மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த ஜர்னலுக்கு அனுப்பும்போது, நடந்ததை முகப்புக் கடிதத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிய வந்தால் மறைத்தது என்றாகும்.

சரியான ஜர்னலைத் தேடும் வழி, பெரும்பாலும் அவருடைய கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலேயே இருக்கிறது. இந்தியக் குழந்தைகளின் ஸ்க்ரப் டைஃபஸைப் பற்றி அவர் எடுத்தாண்ட கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்தன என்று எண்ணிப் பார்க்கட்டும். இந்தியன் பீடியாட்ரிக்ஸ், இந்தியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ், ஜர்னல் ஆஃப் டிராபிகல் பீடியாட்ரிக்ஸ் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இந்த நோயைப் பற்றி ஏற்கெனவே படிக்கும் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றின் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்: பழைய கேஸ் ஷீட்களை வைத்துச் செய்த ஆய்வை ஏற்கிறார்களா, முழுக் கட்டுரையாகவா சுருக்கக் கட்டுரையாகவா, எத்தனை சொல், எத்தனை அட்டவணை. இவரது கட்டுரை சுருக்கக் கட்டுரைப் பகுதிக்குப் பொருந்தினால், முழுக் கட்டுரையாக இழுத்து நீட்டி அனுப்பித் திருப்பி வாங்க வேண்டியதில்லை.

கட்டணத்தையும் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் பார்த்துவிட வேண்டும். கட்டணம் வாங்குவதாலேயே ஒரு ஜர்னல் மோசமாகிவிடாது. ஒளித்து வைப்பதுதான் சந்தேகத்துக்குரியது. வருமானம் குறைந்த நாடுகளுக்குப் பெரிய பதிப்பகங்கள் தரும் முழுத் தள்ளுபடியில் இந்தியா பல இடங்களில் சேர்வதில்லை என்பதால், தள்ளுபடி கிடைக்கும் என்று நம்பி அனுப்பக் கூடாது. பல ஜர்னல்களில் ஒரு வழி உண்டு: திறந்த அணுக்கம் வேண்டாம், சந்தாதாரர்கள் படித்தால் போதும் என்று தேர்ந்தெடுத்தால் எழுதியவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. மும்பையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின், எழுதுபவரிடம் பணம் வாங்காமலேயே திறந்த அணுக்கத்தில் வெளியாகிப் பெயர் பெற்றது.

பட்டியல்களும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்கள் மதிப்புள்ள பட்டியல்களில் இருந்தவைதான். 2023இல் மட்டும் அவற்றிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நம் அலுவலகத்தின் படிவமோ இன்னும் இன்டெக்ஸ் கோப்பர்னிகஸைக் குறிப்பிடுகிறது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மருத்துவக் கவுன்சில் 2015இல் ஏற்ற அந்தப் பட்டியல், 2020 திருத்தத்திலேயே விடப்பட்டுவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இது. சான்றிதழ் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண், ஜர்னல் தந்த கட்டுரைப் பதிவு எண், அனுப்பிய நாள், வந்த ரிவ்யூவர் கருத்துகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். நிராகரிப்புக் கடிதத்தோடு இரண்டு பக்க விமர்சனம் வந்திருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் உண்மையான ஜர்னலுக்கு அனுப்பினார் என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. வெளியான கட்டுரை என்றால், அலுவலகத்தில் ஒருவர் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை ஸ்கோப்பஸிலும் NLM Catalogஇலும் தேடி, பார்த்த நாளைக் குறித்துக் கையெழுத்திடட்டும். கைடும் அதே பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். ஜர்னலைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு, இதுவரை அதை மாணவர்கள் தலையில் போட்டுவிட்டோம்.

திருத்திய படிவத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். நூலகரும் நானும் சேர்ந்து தயாரித்தது. அடுத்த தேர்வுக்கான விண்ணப்பங்கள் தொடங்குமுன் கல்விக் குழுவில் இதை வைத்தால், இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு அனுப்பித் திருத்தி மீண்டும் அனுப்பப் போதுமான காலம் கிடைக்கும்.

மரியாதையுடன்,
குழந்தை மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவர்